“16-க்குள்” என்றால் எந்த நாள்? – வகுப்புக் கூடல் ஒன்றின் நினைவூட்டல் மெயில்: நிகழ்வு ஆய்வு

கடலூரில் ஒரே கல்லூரியில் படித்து 2000-ல் வெளியே வந்த எங்கள் வகுப்பு, 25 ஆண்டு கழித்து 2025 செப்டம்பர் 6, 7 சனி ஞாயிறில் புதுச்சேரியில் கூடியது. பட்டியலில் 94 பேர். ஆளுக்கு ரூ.3,200. இரண்டு பேர் தங்கும் அறையில் ஓர் இரவு, இரண்டு நாள் சாப்பாடு, அரங்க வாடகை எல்லாம் அதில் அடக்கம். வரவு செலவு என் பொறுப்பு. மெயில் அனுப்புவதும் நான்தான்.

முதல் நினைவூட்டலை நான் தப்பாக எழுதினேன். இரண்டாவதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், அதிலும் ஒரு வாக்கியம் பிசகியது. இரண்டு மெயில்களையும் இங்கே அப்படியே வைத்து, என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

கெடு எங்கிருந்து வந்தது

செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை மிலாடி நபி விடுமுறை. அதோடு சனி, ஞாயிறும் சேர்ந்தால் புதுச்சேரியில் அறை கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் மே மாதமே ஓர் ஓட்டலில் முன்பணம் கொடுத்து 40 அறைகளை நிறுத்தி வைத்தோம். ஓட்டலின் நிபந்தனை ஒன்றுதான்: வேண்டாத அறைகளை ஆகஸ்ட் 20 பகல் 12 மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் 40 அறைக்கும் பில் வரும்.

ஆக, எங்களுக்கு உண்மையான கெடு ஆகஸ்ட் 20. அதிலிருந்து பின்னோக்கி எண்ணி நண்பர்களுக்கு ஒரு தேதி சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கைப் பெயரோடு ஒத்துப் பார்க்க ஒரு நாள், விடுபட்டவர்களிடம் பேச ஒரு நாள் என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் தாராளமாகவே ஆகஸ்ட் 16 என்று ஜூலை 12 அறிவிப்பில் போட்டேன். நாள்காட்டியைப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 15 வெள்ளி சுதந்திர தினம். 16 சனி, 1962-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். புதுச்சேரியில் அரசு விடுமுறை. 17 ஞாயிறு. மூன்று நாள் விடுமுறையின் நட்டநடுவில் கெடுவை வைத்துவிட்டேன்.

முதல் மெயில்

ஜூலை முடிவில் 71 பேர் படிவம் நிரப்பியிருந்தார்கள். பணம் வந்தது 38 பேரிடமிருந்துதான். ஆகஸ்ட் 4 காலை, 94 முகவரிகளையும் மறைநகல் பெட்டியில் போட்டு இதை அனுப்பினேன்.

> பொருள்: நினைவூட்டல் – மிக அவசரம்
>
> அன்பு நண்பர்களே, நம் கூடலுக்கு இன்னும் பலர் பதிவு செய்யவில்லை. பலர் கட்டணமும் செலுத்தவில்லை. ஆகஸ்ட் 16-க்குள் ரூ.3,200 செலுத்தி ஒத்துழைக்கவும். பதில் வராவிட்டால் வருவதாகவே எடுத்துக்கொள்வோம். ஏற்கனவே செலுத்தியவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஐந்து நாளில் ஒன்பது பேர் பணம் கட்டினார்கள். அதைவிட அதிகம் போன் வந்தது. முதல் போன் பாகூரிலிருந்து. “ஏம்ப்பா, 16-க்குள்ளன்னா 16 சேர்ந்துதானே?” அன்று மாலையே முதலியார்பேட்டையிலிருந்து இன்னொரு தோழி, “15-ஆம் தேதியோட முடியுதுன்னு சொல்லிட்டே, 15 லீவாச்சே” என்றாள். ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்திருந்தார்கள், இரண்டு பேர் மேலும் தவறில்லை. “க்குள்” அந்த நாளைச் சேர்த்தும் நிற்கும், விட்டும் நிற்கும். பேச்சில் இது பிரச்சினையாவதில்லை, எதிரில் இருப்பவர் கேட்டுத் தெளிந்துகொள்வார். மெயிலில் கேட்க ஆளில்லை. “16 வரை” என்று எழுதியிருந்தால் பாதி தீர்ந்திருக்கும். கிழமையும் மணியும் சேர்த்திருந்தால் முழுதும் தீர்ந்திருக்கும்.

அரசு வேலையில் இருக்கும் மூன்று பேர் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள் செல்லும் என்பது அவர்களுக்குப் பழக்கம். 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் பத்தாம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் சட்டப்படி செய்ய வேண்டிய காரியங்களுக்கு. வகுப்புக் கூடலுக்கு அது பொருந்தாது. பொருந்தாது என்பதை மெயில் சொல்லாதபோது அவர்கள் பழக்கப்படி திங்கட்கிழமை கட்டலாம் என்று நினைத்ததில் என்ன தப்பு?

இதையெல்லாம் விடக் கெட்ட வாக்கியம் அதில் இருந்தது: “பதில் வராவிட்டால் வருவதாகவே எடுத்துக்கொள்வோம்.” எழுதும்போது அது அன்பாகத்தான் பட்டது. யாரையும் விட்டுவிடவில்லை என்ற தொனி. அதன் பொருளைக் கடைசிவரை யோசித்துப் பார்க்கவில்லை. மெயிலையே திறக்காத ஒருவர் வருகிறார் என்று வைத்து நான் அறை எடுத்தால், அந்த ரூ.3,200-ஐ யாரிடம் கேட்பேன்? அவர் ஒப்புக்கொள்ளவே இல்லையே.

ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்களுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லித்தரும் ஒரு வழக்கு உண்டு: இங்கிலாந்தில் 1862-ல் தீர்ப்பான ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி. தன் சகோதரன் மகனின் குதிரையை விலை பேசிய ஒருவர், “இனி உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன்” என்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. குதிரை ஏலத்தில் போய்விட்டது. அவர் வழக்குப் போட்டுத் தோற்றார். மௌனத்தைச் சம்மதமாக்கும் உரிமை கடிதம் எழுதியவருக்குக் கிடையாது என்பதுதான் காரணம். எங்கள் விஷயம் நீதிமன்றம் போகிற அளவுக்குப் பெரிதல்ல. ஆனாலும் நான் எழுதியது அந்தக் குதிரைக் கடிதத்தின் அச்சேதான்.

அதிலிருந்து நான் ஒரு விதியை எனக்கு எடுத்துக்கொண்டேன். பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்று எழுதும் வாக்கியம், நாமே தனியாக நின்று செய்து முடிக்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்; மறுபக்கத்தில் இருப்பவர் கையிலிருந்து எதையும் எடுப்பதாக இருக்கக் கூடாது. அறையை விட்டுவிடுவது என்னால் முடியும். பணம் கடன்பட்டிருக்கிறார் என்று ஆக்குவது என்னால் முடியாது.

பேசாமல் இருந்தவர்கள் ஒரே கூட்டம் அல்ல

ஆகஸ்ட் 9 சனிக்கிழமை இரவு வங்கிக் கணக்கையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரவு 47. அதில் 43-க்குப் பெயர் தெரிந்தது. நான்கு வரவு யாருடையது என்றே தெரியவில்லை. ஒன்றில் ஒரு பெண்மணியின் பெயர், ஒன்றில் ஏதோ ஒரு கடையின் பெயர், மற்ற இரண்டும் வகுப்பில் இல்லாத பெயர்கள். எங்கள் கையில் இருந்தது யூபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண் மட்டும். பணம் அனுப்பும்போது எழுதும் சிறு குறிப்பு வங்கிப் பட்டியலில் எல்லா நேரமும் முழுதாக வருவதில்லை.

பெயர் தெரிந்த 43 பேரில் 41 பேர் படிவமும் நிரப்பியவர்கள். இரண்டு பேர் பணத்தைக் கட்டிவிட்டுப் படிவத்தை மறந்தவர்கள். படிவம் நிரப்பி, பணம் வந்ததாகத் தெரியாதவர்கள் 30 பேர். இரண்டும் செய்யாதவர்கள் 21 பேர். இந்த நான்கு கூட்டத்துக்கும் ஒரே மெயிலை அனுப்பியதுதான் முதல் தடவை நான் செய்தது. “ஏற்கனவே செலுத்தியவர்கள் பொருட்படுத்த வேண்டாம்” என்ற வரி அந்தக் குறையை மூடவில்லை. முதல் வாரமே கட்டிய நெல்லிக்குப்பம் நண்பர் போன் செய்து, “என் பணம் வந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லு” என்றார். அவருக்கு ரசீது போல ஒரு வரி போயிருக்க வேண்டும், போனது நினைவூட்டல்.

பதில் வராததற்குக் காரணமும் ஒன்றல்ல. முதல் மெயில் அனுப்பிய சில நிமிடத்தில் `Mail Delivery Subsystem` என்ற பெயரில் மூன்று மெயில் திரும்பி வந்திருந்தன. நான் அவற்றைத் திறக்கவே இல்லை. 9-ஆம் தேதி இரவுதான் பார்த்தேன்: பழைய முகவரிகள், இப்போது உயிரோடு இல்லாதவை. மூன்று பேரும் அந்த 21-ல் இருந்தார்கள். மெயில் போய்ச் சேராதவரை “பதில் சொல்லவில்லை” என்று கணக்கில் வைப்பது அநியாயம். வாட்ஸ்அப்பில் கேட்டுப் புது முகவரி வாங்கினேன்.

பணம் கட்டாதவர்கள் பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அந்தப் பட்டியலில் உண்மையில் கட்டியவர்கள் நான்கு பேர் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். 25 ஆண்டு கழித்துப் பார்க்கப் போகிறவர்களில் யாருக்கு ரூ.3,200 இப்போது கஷ்டம் என்று நமக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இரண்டாம் மெயில்

ஆகஸ்ட் 11 திங்கள் காலை, நான்கு கூட்டத்துக்கும் நான்கு மெயில், ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் வரை அனுப்பலாம் என்பதால் 94 பேருக்கு அது தடையில்லை. விரிதாளிலிருந்து பெயர், தேதி, தொகை மூன்றும் தானாக நிரம்பும்படி அமைத்துக்கொண்டேன். படிவம் நிரப்பிப் பணம் வராத 30 பேரில், வரிசை எண் 58 நண்பருக்குப் போனது இது.

> பொருள்: 18 ஆக. திங்கள் இரவு 8 மணி – உங்கள் அறைக்கான பணம்
>
> ஜூலை 20 அன்று நீங்கள் படிவம் நிரப்பினீர்கள்: ஒருவர், இரண்டு நாள், அசைவம். உங்கள் பெயரில் ரூ.3,200 வந்ததாக இன்று காலை வரை எங்கள் கணக்கில் தெரியவில்லை.
>
> பணம் கட்டக் கடைசி நேரம்: ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை, இரவு 8 மணி, இந்திய நேரம். முன்பு 16 என்று சொல்லியிருந்தோம். அது மூன்று நாள் விடுமுறைக்கு நடுவில் விழுவதால் இந்த ஒரு முறை மாற்றுகிறோம். 19 காலை 10 மணிக்கு அறைப் பட்டியல் ஓட்டலுக்குப் போய்விடும்.
>
> அனுப்ப வேண்டிய தொகை ரூ.3,200.58. கடைசி 58 பைசா உங்கள் வரிசை எண். யார் கணக்கிலிருந்து அனுப்பினாலும் அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவோம்.
>
> முன்பே கட்டியிருந்தால், கட்டிய நாளையும் 12 இலக்கக் குறிப்பு எண்ணையும் பதிலாக அனுப்புங்கள். வர முடியாவிட்டால் “வரவில்லை” என்ற ஒரு சொல் போதும்.
>
> 18 இரவு 8 மணி வரை பணமும் வராமல் பதிலும் வராமல் இருந்தால், உங்கள் பெயரில் வைத்த அறையையும் சாப்பாட்டையும் விட்டுவிடுவோம். நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. சனி மாலை 3 முதல் 5 வரை ஆசிரியர்களுக்கு மரியாதை செய்யும் நிகழ்ச்சிக்கு வழக்கம்போல் வாருங்கள், அதற்குப் பணமில்லை.

தேதியைப் பொருள் வரியின் தொடக்கத்திலேயே வைத்தேன், போன் திரையில் தெரிவது அந்த வரியின் முதல் பாதிதான். “இந்திய நேரம்” என்று போட்டது பிரான்ஸில் இருக்கும் ஒரு நண்பருக்காக. கோடையில் நமக்கு இரவு 8 என்றால் அங்கே மாலை 4.30.

கெடுவை ஒரு முறை மாற்றியது பற்றி எனக்குள்ளேயே தயக்கம் இருந்தது. ஒரு தடவை மாற்றினால் இன்னொரு தடவையும் மாற்றுவார்கள் என்று ஆட்கள் காத்திருப்பார்கள். அதனால்தான் மாற்றத்தின் காரணத்தையும், 19 காலை 10 மணிக்கு என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து எழுதினேன். ஓட்டலின் கெடு 20 பகல் என்பதை எழுதவில்லை. எழுதியிருந்தால் எல்லோருக்கும் அதுதான் கெடுவாகியிருக்கும். நான் சொன்னதில் பொய் இல்லை. பட்டியல் 19 காலை போகத்தான் போகிறது, மிச்ச நேரம் எங்கள் தவறுகளைத் திருத்துவதற்கு.

எதுவுமே செய்யாத 21 பேருக்குப் போனது சிறிய மெயில். தேதி அதே. பதில் வராவிட்டால் வரவில்லை என்று எடுத்துக்கொள்வோம், பணம் பற்றி இனி மெயில் வராது, படங்கள் எல்லோருக்கும் வரும் என்று மட்டும். பணம் கட்டிப் படிவம் மறந்த இரண்டு பேருக்குப் பதில் வராததன் விளைவு நேர் எதிர். அவர்கள் பணம் எங்கள் கையில் இருக்கிறது, அவர்கள் இடத்தை விடும் உரிமை எங்களுக்கு இல்லை. “பதில் வராவிட்டாலும் உங்கள் இடம் உறுதி. சைவச் சாப்பாடு, இருவர் அறை என்று வைத்துக்கொள்வோம்” என்று எழுதினேன். அசைவம் சாப்பிடுகிறவர் சைவத்தில் ஒரு வேளை சமாளித்துவிடுவார்; மாற்றி வைத்தால் சைவக்காரர் பட்டினி கிடப்பார். எல்லாம் முடித்த 41 பேருக்கு, பணம் வந்த தேதியோடு ஒரு வரி நன்றி.

வந்து சேர்ந்தது

பெயர் தெரியாத நான்கு வரவுகளும் 30 பேர் கூட்டத்துக்குள்ளேயே இருந்தன. மூன்று பேர் குறிப்பு எண்ணை அனுப்பினார்கள். நான்காவது, அந்தப் பெண்மணி பெயரில் வந்தது, பிரான்ஸ் நண்பருடையது. அங்கிருக்கும் வங்கியிலிருந்து அனுப்பினால் கட்டணம் பிடித்துக்கொண்டு குறைவாக வந்து சேரும் என்று, லாஸ்பேட்டையில் இருக்கும் அம்மாவைக் கட்டச் சொல்லியிருக்கிறார். போனில் பேசியபோதுதான் தெரிந்தது. முதல் மெயிலில் “கட்டணம் செலுத்தவில்லை” என்று படித்துவிட்டு அந்த அம்மா வங்கிக்கே போய் விசாரித்திருக்கிறார்கள். “தெரியவில்லை” என்று எழுதுவதற்கும் “செலுத்தவில்லை” என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

மீதி 26 பேரில் 18 இரவு 8 மணி வரை 16 பேர் கட்டினார்கள். பைசா கணக்கு பெரிய உதவி. மகன் போனிலிருந்து, மனைவி கணக்கிலிருந்து வந்ததெல்லாம் பார்த்த உடனே பெயரோடு பொருந்தியது. நான்கு பேர் “வரவில்லை” என்று எழுதினார்கள். நான்கு பேரிடம் சத்தமே இல்லை. 21 பேர் கூட்டத்திலிருந்து மூன்று பேர் படிவமும் நிரப்பிப் பணமும் கட்டினார்கள், அதில் இரண்டு பேர் மெயில் திரும்பி வந்தவர்கள். ஆறு பேர் வரவில்லை என்றார்கள், 12 பேரிடம் பதில் இல்லை. முன்பே கட்டிய 43, பெயர் தெரிந்த 4, புதிதாக 16, 3: ஆக 66 பேர்.

கணக்கில் இன்னும் இரண்டு பேர் மிச்சம். அங்கேதான் என் வாக்கியம் பிசகியது. ஒருவர் 12-ஆம் தேதி, “நிச்சயம் வர்றேன், கட்டிடறேன்” என்று பதில் எழுதியிருந்தார். 58-ஆம் எண் நண்பரும் கிட்டத்தட்ட அதையே எழுதியிருந்தார். இரண்டு பேரும் கட்டவில்லை. நான் எழுதியது “பணமும் வராமல் பதிலும் வராமல் இருந்தால்” என்று. இவர்களிடமிருந்து பதில் வந்திருக்கிறது. என் மெயிலை எழுத்தெழுத்தாகப் படித்தால் அவர்கள் அறையை விட எனக்கு உரிமை இல்லை. நான் மனதில் வைத்திருந்த நிபந்தனை பணம் ஒன்றுதான். பதில் கேட்டது வராதவர்களுக்கும் முன்பே கட்டியவர்களுக்கும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் “உம்” போட்டுக் கட்டியதால், பதில் எழுதினாலே அறை நிற்கும் என்று ஆகிவிட்டது.

19 காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேருக்கும் போன் செய்தேன். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டினார்; 67. 58-ஆம் எண் நண்பர் எடுக்கவில்லை. கடலூர் சிப்காட்டில் அவருக்கு ஷிப்ட் வேலை, உள்ளே போகும்போது போனை வெளியே வைத்துவிட வேண்டும். பத்து மணி ஆகிவிட்டது.

பட்டியலில் ஆண்கள் 41, பெண்கள் 26. ஆண்களுக்கு 21 அறை, பெண்களுக்கு 13, ஆக 34 அறை. ஆண்கள் பக்கம் ஒரு கட்டில் மிச்சம். அந்தக் கட்டிலில் அவர் பெயரை எழுதினேன். தவறு வாக்கியத்தில் இருக்கும்போது அதன் பலனை அவருக்குக் கொடுப்பதுதான் சரி என்று பட்டது. அவர் கட்டாமல் போனால் பொது நிதியிலிருந்து போகட்டும் என்று ஏற்பாட்டுக் குழுவில் என்னோடு இருந்த மற்ற இருவரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டேன். ஆறு அறைகளைத் திருப்பிக் கொடுத்தோம், ஓட்டலும் ஏற்றுக்கொண்டது. கட்டில் மிச்சமில்லாமல் இருந்திருந்தால், ஒருவருக்காக 35-ஆவது அறையை முழுதாக நிறுத்த வேண்டியிருந்திருக்கும்.

அந்த வாக்கியத்தை இப்போது எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்:

> 18 இரவு 8 மணி வரை பணம் எங்கள் கணக்கில் வந்திருந்தால் அறை உறுதி. வராவிட்டால் விட்டுவிடுவோம். “பிறகு கட்டுகிறேன்” என்ற பதிலை வைத்து அறையை நிறுத்தி வைக்க எங்களால் முடியாது. 18-க்குள் கட்ட முடியாத நிலை இருந்தால் அதற்கு முன் எனக்குப் போன் செய்யுங்கள்.

21-ஆம் தேதி வியாழக்கிழமை மாலை வங்கியிலிருந்து செய்தி வந்தது. வரவு ரூ.3,200.58. பத்து நிமிடம் கழித்து அவரே போன் செய்து, “நைட் ஷிப்ட் மாத்தி மாத்திப் போட்டுட்டாங்க, ரூம் போயிடுச்சா?” என்று கேட்டார். அறை எண்ணைச் சொன்னேன்.